"கடன் இல்லைங்க"ன்னு புது பார்ட்டிக்கு எப்படி மெசேஜ் போடறது? ஒரு 84,000 ரூபாய் ஆர்டரை வச்சுப் பார்ப்போம்

சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கிட்டே சின்னதா ஒரு வியாபாரம் செய்யறவங்க நம்ம சேனல்ல நிறைய பேர் இருக்கீங்க. இன்னும் சில பேர் திருப்பூர், ஈரோடு, கோவைப் பக்கம் கம்பெனிகள்ல சேல்ஸ் கோஆர்டினேட்டரா, அக்கவுண்ட்ஸ்ல இருக்கீங்க. ரெண்டு பேருக்குமே அடிக்கடி வர்ற ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் உண்டு. "சரக்கை அனுப்பி விடுங்க, 30 நாள்ல பணம் போட்டுடறேன்." அனுப்பறவர் யாருன்னு நமக்குத் தெரியாது. இதுவரைக்கும் ஒரு பில் கூட போட்டது கிடையாது.

இதுக்கு என்ன பதில் எழுதறது? நம்ம ஊர்ல இது கொஞ்சம் சிக்கல்தான். கொங்குப் பக்கத்துல யாரும் நேரடியா "முடியாது"ன்னு சொல்ல மாட்டோம். "பாத்துக்கலாம்ங்க"ன்னு சொல்லுவோம். சொல்றவர் மனசுல அது "இல்லை". கேட்கறவர் காதுல அது "சரி". இந்த ஒரு வார்த்தையில போன பணம் கொஞ்சநஞ்சம் இல்லை.

இன்னைக்கு ஒரே ஒரு மெசேஜை எடுத்துக்கிட்டு, அதை மூணு தடவை திருத்தி எழுதப் போறோம். அதுக்கு முன்னாடி கணக்கு தெரியணும். மெசேஜ்ல என்ன நம்பர் எழுதணும்ங்கறதை அந்தக் கணக்குதான் முடிவு பண்ணும்.

உதாரணத்துக்கு எடுத்துக்கிட்ட ஆர்டர்

நம்ம நண்பர் ஒருத்தர் சரவணம்பட்டியில ஐடி வேலை பார்க்கறார்னு வச்சுக்குவோம். சொந்த ஊர் சென்னிமலை. ஊர்ல தறி வச்சிருக்கறவங்ககிட்ட பெட்ஷீட் வாங்கி வெளியூர்க் கடைகளுக்கு அனுப்பறார். ஜிஎஸ்டி பதிவு இருக்கு. (ஆபீஸ்ல வெளி வியாபாரம் செய்ய அனுமதி உண்டான்னு ஆஃபர் லெட்டரைப் பார்த்துக்கோங்க. அது தனிக் கதை.)

மதுரையில இருந்து ஒரு புதுக் கடைக்காரர் 200 பெட்ஷீட் கேட்கறார். ஒண்ணு 400 ரூபாய். மொத்தம் 80,000, ஜிஎஸ்டி 5% போட்டா 4,000, ஆக பில் 84,000 ரூபாய். தறிக்காரருக்கு ஒரு பீஸுக்கு 340 வீதம் 68,000, அதுக்கு ஜிஎஸ்டி 3,400. வித்த பில்லோட வரி 4,000-ல வாங்கின வரி 3,400 கழிஞ்சு, மீதி 600 ரூபாயை நண்பர் அரசுக்குக் கட்டணும். கையில இருந்து போறது மொத்தம் 72,000. லாபம் 12,000.

பணம் வரலைன்னா? 72,000 போச்சு. அதைத் திரும்ப எடுக்க இதே மாதிரி ஆறு நல்ல ஆர்டர் முடிக்கணும். அந்த ஆறுலயும் ஒரு பைசா கையில நிக்காது. போதாததுக்கு, பில் போட்டாச்சுன்னா மாசாமாசம் ரிட்டர்ன் போடறவங்க அடுத்த மாசம் 20-ம் தேதிக்குள்ள வரி கட்டணும். பார்ட்டி பணம் கொடுத்தாரா இல்லையான்னு ஜிஎஸ்டி கேட்காது. வராக்கடன்னு சொல்லி அந்த வரியைத் திரும்பக் கேட்கவும் வழி இல்லை.

"ப்ரோ, எம்எஸ்எம்இ-க்கு 45 நாள் சட்டம் இருக்குல்ல?"ன்னு கேட்பீங்க. இருக்கு. 2006-ம் வருஷ எம்எஸ்எம்இடி சட்டப்படி, எழுத்துல ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல இழுக்கக் கூடாது. ஒப்பந்தமே இல்லைன்னா 15 நாள். தாமதமானா கூட்டு வட்டியும் கேட்கலாம். ஆனா இந்தப் பாதுகாப்பு பொருளைத் தயாரிக்கற, சேவை தர்ற குறு, சிறு நிறுவனங்களுக்குத்தான். வாங்கி விக்கற வியாபாரி உத்யம் பதிவு வச்சிருந்தாலும், தாமதப் பணத்துக்கான இந்தப் பிரிவு அவருக்குக் கிடையாது. நம்ம நண்பர் வாங்கி விக்கறவர். அதனால அவருக்கு இருக்கற ஒரே பாதுகாப்பு, சரக்கு கை மாறறதுக்கு முன்னாடி அவர் எழுதற மெசேஜ்தான்.

முதல் டிராஃப்ட்: எல்லாரும் எழுதறது

> அண்ணா வணக்கம். ஆர்டருக்கு ரொம்ப நன்றி. கடன் கொடுக்கறது கொஞ்சம் கஷ்டம்ங்ணா. நீங்க புது பார்ட்டிங்கறதால வீட்ல ஒத்துக்க மாட்டாங்க. தப்பா எடுத்துக்காதீங்க. ஏதாவது அட்வான்ஸ் போட்டு விடுங்க, மீதிய பாத்துக்கலாம்.

படிக்க மரியாதையா இருக்கு. ஆனா ஒவ்வொரு வரியிலயும் ஒரு ஓட்டை.

"கொஞ்சம் கஷ்டம்"னா இன்னும் பேசிப் பார்க்கலாம்னு அர்த்தம். 30 நாள் கஷ்டம்னா 20 நாள் கொடுங்கன்னு கேட்பார். "வீட்ல ஒத்துக்க மாட்டாங்க"ன்னா, "அப்பா நம்பர் கொடுங்க, நான் பேசிக்கறேன்"னு வரும். கம்பெனியில இருக்கறவங்க "ஓனர் ஒத்துக்க மாட்டார்"னு எழுதறதும் இதே கதைதான். முடிவு உங்க கையில இல்லைன்னு நீங்களே சொல்லிட்டீங்க. "புது பார்ட்டி"யையும் "தப்பா எடுத்துக்காதீங்க"வையும் பக்கத்துல பக்கத்துல வச்சா, "உன்னை நம்பலை"ன்னு சொன்ன மாதிரிதான் படும்.

இதுல மோசமானது கடைசி வரி. "ஏதாவது அட்வான்ஸ்"னு கேட்டா ஜிபேல 5,000 வரும். "மீதிய பாத்துக்கலாம்"னு எழுத்துல கொடுத்தாச்சு. இப்போ 79,000 ரூபாய் கடன், அதுவும் தேதி இல்லாத கடன். கடன் இல்லைன்னு சொல்ல ஆரம்பிச்ச மெசேஜ், 30 நாளை விட மோசமான கடன்ல முடிஞ்சிருச்சு.

ரெண்டாவது டிராஃப்ட்: அந்தப் பக்கம் சாய்ஞ்சது

ஒரு தடவை அடிபட்டவங்க இப்படி எழுதுவாங்க:

> வணக்கம். எங்கள் நிறுவனத்தில் கடன் வசதி இல்லை. 100% முன்பணம் செலுத்தினால் மட்டுமே சரக்கு அனுப்பப்படும்.

ஓட்டை இல்லை. ஆனா ஆர்டரும் இருக்காது. ஏன்னா நமக்கு அவர் எப்படிப் புதுசோ, அதே மாதிரி அவருக்கு நாம புதுசு. முகம் தெரியாத ஒருத்தருக்கு 84,000 ரூபாயை மொத்தமா போட்டுட்டு, வேற கலர் வந்தா, துணி சன்னமா வந்தா அவர் யார்கிட்ட போவார்? அவர் கடன் கேட்கறதுக்குப் பாதிக் காரணம் பணத் தட்டுப்பாடா இருக்கலாம். மீதிப் பாதி இந்தப் பயம். சரக்கைப் பார்த்துட்டுக் கொடுக்கலாமேன்னு நினைப்பார். பணத் தட்டுப்பாட்டுக்கு நம்மால ஒண்ணும் செய்ய முடியாது. பயத்துக்கு முடியும்.

அட்வான்ஸ் எவ்வளவு? இதை முதல்ல முடிவு பண்ணுங்க

நிறைய பேர் 50%னு பழக்கத்துல சொல்லிடுவாங்க. அட்வான்ஸ் எவ்வளவுங்கறதை ஒரே கேள்வி வச்சு முடிவு பண்ணலாம்: சரக்கு மதுரை வரைக்கும் போய், அவர் எடுக்காம விட்டுட்டா நமக்கு எவ்வளவு நஷ்டம்?

நம்ம கணக்குல, லாரி வாடகை போக 1,500, திரும்பி வர 1,500னு வைங்க. திரும்பி வந்த சரக்கை வேற கடைக்கு 10% குறைச்சுத் தள்ளினா 8,000 குறையும். மொத்தம் 11,000. அப்போ 84,000-ல 25%, அதாவது 21,000 அட்வான்ஸ் வாங்கினா தாராளம். 50% கேட்டு ஆர்டரை விரட்ட வேண்டியதில்லை.

அதே பெட்ஷீட்ல அவர் கடைப் பேர் போட்ட லேபிள் தைக்கச் சொன்னா கதை வேற. அதை வேற யாரும் வாங்க மாட்டாங்க, பாதி விலைக்குத்தான் போகும். நஷ்டம் 40,000, வாடகை 3,000. அப்போ 50%, 42,000 கேட்கறது நியாயம். கேட்கும்போது காரணத்தையும் சொல்லிடுங்க, "உங்க பேர் தைச்சா வேற இடத்துக்குப் போகாதுங்ணா"ன்னு. வியாபாரிக்கு உடனே புரியும்.

ஆனா ஒண்ணு. இந்த 25% கணக்கு, மீதிப் பணம் வர்ற வரைக்கும் சரக்கு நம்ம பிடியில இருந்தாத்தான் சரியா வரும். சரக்கு அவர் கடைக்குள்ள போயிட்டா 25% அட்வான்ஸ்ங்கறது 75% கடன். அந்தப் பிடியை எப்படி வச்சுக்கறது? பார்சல் ஆபீஸ்ல புக் பண்ணும்போது சரக்கு வாங்கறவர் இடத்துல அவர் கடைப் பேரைப் போடாம "செல்ஃப்"னு போடலாம். எல்ஆர் நம்மகிட்ட இருக்கும். பணம் வந்ததும் நாம கையெழுத்துப் போட்டு எல்ஆரையோ, டெலிவரி கொடுக்கச் சொல்லி லெட்டரையோ கொடுத்தா அவர் எடுத்துக்குவார். புக் பண்ற ஆபீஸ்ல முன்னாடியே கேட்டுக்கோங்க: என்ன காகிதம் காட்டினா கொடுப்பாங்க, எத்தனை நாள் கோடவுன்ல வாடகை இல்லாம வைப்பாங்கன்னு. எல்லா ஆபீஸ்லயும் ஒரே வழக்கம் கிடையாது.

அட்வான்ஸே தர மாட்டேன், வந்ததும் முழுசா தர்றேன்னு சொல்றவருக்கும் ஒரு வழி வச்சுக்கலாம். ஆனா அப்போ அந்த 11,000 ரூபாய் ஆபத்து முழுக்க நம்ம தலையில. அதனால அளவைக் குறைக்கணும். 50 பீஸ், பில் 21,000. எடுக்காம விட்டாலும் வாடகையும் விலைக் குறைப்பும் சேர்த்து 3,000-க்குள்ள நிக்கும். ஒரு புதுக் கடையை அறிமுகப்படுத்திக்க அது தாங்கற செலவுதான்.

மூணாவது டிராஃப்ட்: இதை அனுப்பலாம்

> வணக்கம்ங்ணா. 200 பெட்ஷீட் ஆர்டருக்கு நன்றிங்க. நீங்க கேட்ட மூணு கலரும் ஸ்டாக் இருக்குங்க.
>
> 30 நாள் கடன் கேட்டிருந்தீங்க. முதல் மூணு பில்லுக்கு நாங்க யாருக்கும் கடன் வைக்கறதில்லைங்ணா. ரெண்டு வழியில அனுப்பலாம்ங்க:
>
> 1) 200 பீஸ், ஜிஎஸ்டி சேர்த்து ரூ.84,000. இப்போ ரூ.21,000 அட்வான்ஸ். சரக்கு மதுரை பார்சல் ஆபீஸ் வந்ததும், எடுக்கறதுக்கு முன்னாடி மீதி ரூ.63,000.
>
> 2) 50 பீஸ், ஜிஎஸ்டி சேர்த்து ரூ.21,000. அட்வான்ஸ் வேண்டாம்ங்க. சரக்கு வந்ததும், எடுக்கறதுக்கு முன்னாடி முழுத் தொகை.
>
> ரெண்டுலயும் பணம் பேங்க் டிரான்ஸ்ஃபர்ங்க. லாரி வாடகை உங்க பக்கம். ரெண்டு சாம்பிள் பீஸ் நாளைக்கே கூரியர்ல போடறேன், துணியைப் பார்த்துக்கோங்க. பேக் பண்ணும்போது வீடியோவும் அனுப்பறேன். எங்க ஜிஎஸ்டி நம்பர், ஃபர்ம் பேர்ல இருக்கற அக்கவுண்ட் விவரம் கீழே இருக்குங்க.
>
> புதன் சாயங்காலம் 5 மணிக்குள்ள எந்த வழின்னு சொன்னீங்கன்னா வியாழக்கிழமை லாரியில ஏத்திடலாம்ங்க.

என்ன மாறியிருக்குன்னு பாருங்க. "இல்லை" ரெண்டாவது பத்தியிலயே வந்துருச்சு, ஒரே ஒரு தடவை. மன்னிப்பு இல்லை, "கொஞ்சம்" இல்லை. "யாருக்கும்"ங்கற வார்த்தை அவரைப் பத்தின சந்தேகத்தை எடுத்துட்டு, நம்ம வழக்கமா மாத்திருச்சு. ஆனா அது உண்மையா இருக்கணும். ஜவுளி ஏரியாவுல எல்லாரும் ஒரே டீக்கடை. போன மாசம் இன்னொரு புதுக் கடைக்குக் கடன் கொடுத்திருந்தா அது மதுரைக்குப் போக ஒரு வாரம் ஆகாது. அப்படிக் கொடுத்திருந்தா அந்த வார்த்தையை எழுதாதீங்க.

"இல்லை"யோட கூடவே அவர் தேர்ந்தெடுக்க ரெண்டு வழி வந்துருச்சு, ரெண்டுலயும் ரூபாய்க் கணக்கு இருக்கு. அவர் அடுத்து யோசிக்கப் போறது "கடன் ஏன் இல்லை"ன்னு இல்லை, "ஒண்ணா ரெண்டா"ன்னுதான். மூணு நாலு வழி கொடுத்தா குழம்பி, பதிலே வராது.

சாம்பிள், வீடியோ, ஜிஎஸ்டி நம்பர் மூணும் அவரோட பயத்துக்கான பதில். சாம்பிள் ரெண்டு பீஸ் நமக்கு 680 ரூபாய். கூரியர் தனி. `gst.gov.in` தளத்துல `Search Taxpayer`-ல நம்பரைப் போட்டா, ஃபர்ம் பேரும் பதிவு நடப்புல இருக்கான்னும் யாரும் பார்க்கலாம். அவர் நம்பரையும் வாங்கி நீங்க பாருங்க. போன வாரம் பதிவான கடை, முதல் ஆர்டரே பெருசு, விலையைப் பேசவே இல்லை, கடனை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கறார்னா, ரெண்டாவது வழியை மட்டும் கொடுங்க.

"பேங்க் டிரான்ஸ்ஃபர்"னு எழுதினதுக்கும் காரணம் இருக்கு. கேஷ் ஆன் டெலிவரின்னு பேச்சுக்குச் சொல்றோம், ஆனா நோட்டா வாங்கறதுல வருமான வரிச் சிக்கல் வரும். ஒரே நாள்ல ஒருத்தருக்கு 10,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா கொடுத்தா, அந்தச் செலவை அவர் கணக்குல கழிக்க முடியாது. 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கறது நமக்கே அபராதத்துல முடியும்.

அவர் பதில் போட்டா

"மத்தவங்க எல்லாம் 30 நாள் தர்றாங்களே?" இது வந்தே தீரும். மத்தவங்களைக் குறை சொல்லாதீங்க, விலையில பேசுங்க. பேங்க் ஓடி வட்டி வருஷத்துக்கு 12%னா, 30 நாள் கடன் நமக்கு 1% செலவு. அதாவது ஒரு பீஸுக்கு 4 ரூபாய், மொத்தம் 800. "கடன் இல்லாததால பீஸுக்கு 4 ரூபாய் குறைச்சுக்கறேன்ங்ணா, 396 போட்டுக்கலாம்"னு சொல்லலாம். சங்கடப்பட்டு 5% குறைச்சா, 12,000 லாபத்துல 4,000 போயிரும்.

"செக் தர்றேன், தேதி போட்டு" என்பார். செக் தேதியில இருந்து 3 மாசம்தான் செல்லும். திரும்பி வந்தா, பேங்க் மெமோ கைக்கு வந்த 30 நாளுக்குள்ள நோட்டீஸ் அனுப்பணும், அவருக்கு 15 நாள் டைம் கொடுக்கணும், அப்புறம்தான் கேஸ். 63,000 ரூபாய்க்கு லீவு போட்டு கோர்ட்டுக்கு நடக்க முடியுமான்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. நான் அனுப்பற பதில்: "செக்கும் கடன்தாங்ணா. நாலாவது பில்லுல இருந்து வாங்கிக்கறேன்."

அப்புறம் ஸ்கிரீன்ஷாட். "63,000 போட்டாச்சு, எல்ஆர் அனுப்புங்க"ன்னு படம் வரும். படத்தைப் பார்க்காதீங்க, உங்க பேங்க் ஆப்பைத் திறந்து பேலன்ஸைப் பாருங்க. நெஃப்ட்னா யூடிஆர் நம்பர் கேளுங்க. நெஃப்ட், ஐஎம்பிஎஸ் ரெண்டும் 24 மணி நேரமும் ஓடுது, அதனால "பேங்க் லீவு"ங்கற சாக்கு இப்போ செல்லாது. உங்க அக்கவுண்ட்ல செக்கைப் போட்டுட்டு, அந்த ரசீதைக் காட்டறதும் உண்டு. கிளியர் ஆகற வரைக்கும் அது பணம் இல்லை.

நாலாவது பில்

மெசேஜ்ல "முதல் மூணு பில்லுக்கு"ன்னு எழுதியிருக்கோம். அப்போ நாலாவதுல அவர் கேட்பார், கேட்க உரிமையும் இருக்கு. எவ்வளவு கொடுக்கலாம்? மூணு பில்லும் 200 பீஸ் வீதம் போயிருந்தா அவர்கிட்ட நாம சம்பாதிச்சது 36,000. நூறு பெட்ஷீட்டுக்கு நம்ம கைக்காசு 36,000, பில் 42,000. அதனால 42,000 ரூபாய் வரைக்கும், 15 நாள். அது மொத்தமா போனாலும் இந்தக் கடையால நாம கீழ இறங்கலை. முதல் மூணும் 50 பீஸ் பில்லுன்னா லாபம் 9,000-தான், அப்போ வரம்பு 10,500. பழகிட்டோம்ங்கற உணர்ச்சியில வரம்பு வைக்காம, இந்தக் கணக்குல வைங்க.

ஏன்னா ஜவுளியில மட்டும் இல்லை, பம்ப்செட், கிரைண்டர்னு எல்லாத் தொழில்லயும் ஒரு பழைய வழி உண்டு. சின்ன ஆர்டர், உடனே பணம். அடுத்ததும் உடனே பணம். மூணாவதும். நாலாவது ஆர்டர் பத்து மடங்கு, அவசரம், தீபாவளி சரக்கு, "இந்த ஒரு தடவை மட்டும் கடன்". அப்புறம் போன் சுவிட்ச் ஆஃப். மூணு பில் சுத்தமா முடிஞ்சது நல்ல அறிகுறிதான், ஆனா அது 42,000-க்குத்தான் அறிகுறி, நாலு லட்சத்துக்கு இல்லை. அப்படி ஒரு ஆர்டர் வந்தா:

> சந்தோஷம்ங்ணா, பெரிய ஆர்டர். உங்க கணக்குல ரூ.42,000 வரைக்கும் 15 நாள் கடன் இருக்குங்க. அதுக்கு மேல இருக்கற தொகைக்கு எப்பவும் போல 25% அட்வான்ஸ், மீதி சரக்கு எடுக்கறதுக்கு முன்னாடி. சரின்னா இன்னைக்கே தறியில சொல்லிடறேன்ங்க.